சேமிப்புக் கணக்கிலிருந்து இ-ரூபாய்க்குப் போகும் பணம்: வங்கிக்கு எவ்வளவு பள்ளம், கடன் வட்டிக்கு என்ன ஆகும்?

குரோம்பேட்டை குமரன் (இழையைத் தொடங்கியவர்)

ஆர்பிஐயின் டிஜிட்டல் ரூபாயான இ-ரூபாய்க்கும் யுபிஐக்கும் என்ன வித்தியாசம் என்று வேறு இழையில் பேசித் தீர்த்தாகிவிட்டது. இங்கே அது வேண்டாம். என் கேள்வி வங்கியின் பக்கத்தைப் பற்றியது. இ-ரூபாய் நோட்டு மாதிரியே ஆர்பிஐயின் சொந்தக் கடன்பொறுப்பு, வட்டி கிடையாது. அப்படியென்றால் ஒருவர் ஏடிஎம்மில் பணம் எடுப்பதும் வாலட்டில் இ-ரூபாய் ஏற்றிக்கொள்வதும் வங்கிக்கு ஒன்றுதானே? பிறகு ஏன் "டெபாசிட் கரையும், ஆர்பிஐ வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போவைக் குறைத்தாலும் அது கடன்காரனைப் போய்ச் சேராது" என்று பயமுறுத்துகிறார்கள்? யாராவது எண்களோடு சொன்னால் நல்லது.

பாரிமுனை பாஸ்கி

இதில் குழம்ப ஒன்றுமில்லை. டெபாசிட்டில் வங்கி ஆர்பிஐயிடம் கட்டாயம் வைக்க வேண்டிய பங்கான சிஆர்ஆர் இப்போது 3%. அதாவது ஆர்பிஐயிடம் இருக்கும் ஒரு ரூபாயை வைத்து வங்கித் துறை 33 ரூபாய் டெபாசிட்டைத் தாங்குகிறது. ஒரு ரூபாய் இ-ரூபாயாக வெளியே போனால் 33 ரூபாய் சுருங்கும். ஒரு லட்சம் கோடி போனால் 33 லட்சம் கோடி கடன் காலி. ஆர்பிஐ இதைத் தொடவே பயப்படுவது அதனால்தான்.

டீலிங் ரூம்

பாஸ்கி, பாதி சரி. வெளியே போவது சிஆர்ஆருக்குள் அடங்கும் சின்னத் துண்டு அல்ல, முழுத்தொகையும் வங்கியின் ஆர்பிஐ கணக்கிலிருந்து போகிறது என்பது சரி. ஆனால் 33 மடங்கு சுருங்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வங்கிகள் ஒன்றுக்கொன்று ஓர் இரவுக்குக் கொடுக்கும் கடனின் ஓவர்நைட் வட்டியை ஆர்பிஐ ரெப்போ அருகில் நிறுத்தப் பார்க்கிறது. கையிருப்பு குறைந்து அந்த வட்டி மேலே ஏறினால் அன்றைக்கே பணத்தை உள்ளே விடும். அதனால் அளவில் பெரிய அடி விழாது. அடி விழுவது விலையில்.

குமரன் கேட்டபடி ஒரு நடுத்தர வங்கியை எடுத்துக்கொள்வோம். மூலதனத்தை ஒதுக்கிவிட்டு, டெபாசிட் 10,000 கோடி. அதில் ஆர்பிஐயிடம் சிஆர்ஆர் 300 கோடி. அரசுப் பத்திரம் 2,300 கோடி, அதாவது எஸ்எல்ஆர் என்ற கட்டாய 18% போக 500 கோடி கூடுதல். மீதி 7,400 கோடி கடன்.

வாடிக்கையாளர்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து 400 கோடியை வாலட்டுக்கு மாற்றுகிறார்கள். வங்கி இந்த இ-ரூபாயைத் தானாக உருவாக்க முடியாது. ஆர்பிஐயிடம் வாங்கி இருப்பு வைத்துத்தான் கொடுக்க வேண்டும், வாங்கும்போதே அதன் ஆர்பிஐ கணக்கில் பற்று விழும். கணக்கில் இருப்பதோ 300 கோடி, போக வேண்டியதோ 400. டெபாசிட் 9,600 ஆகக் குறைவதால் சிஆர்ஆர் தேவை 288 கோடியாக இறங்கும், 12 கோடி விடுபடும். பாக்கி 388 கோடியை வெளியே தேட வேண்டும்.

கூடுதல் பத்திரம் இருப்பதால் அதை அடகு வைத்து 388 கோடி கிடைத்துவிடும். கடன் எதையும் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் 2.5% வட்டி கொடுத்துக்கொண்டிருந்த 400 கோடிக்கு வருடம் 10 கோடி செலவு. இப்போது 388 கோடிக்கு ரெப்போ 5.25% போட்டால் 20 கோடியே 37 லட்சம். வித்தியாசம் ஏறக்குறைய 10.4 கோடி. சேமிப்புக் கணக்கைப் பராமரிக்கும் கிளை, ஆள், பாஸ்புக் பிரிண்டர் எல்லாம் அப்படியே இருக்கும், அந்தச் செலவு குறையாது.

ஏடிஎம்மில் எடுத்தாலும் இதே பதிவுதான், குமரன் சொன்னது சரி. வங்கியில் இருக்கும் ஆர்பிஐயின் நோட்டுக் கிடங்கான கரன்சி செஸ்டிலிருந்து நோட்டு வெளியே வரும்போதும் ஆர்பிஐ கணக்கில் பற்றுதான். தீபாவளிக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் இது நடக்கிறது. வித்தியாசம் வேகத்திலும் அளவிலும். ஏடிஎம் கேசட் காலியாகும், தினசரி உச்சவரம்பு இருக்கும், ஐம்பது லட்சத்தை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் பயம். வாலட்டுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. ஆர்பிஐ போடும் உச்சவரம்பு மட்டும்தான் தடை.

குரோம்பேட்டை குமரன்

10.4 கோடியை 7,400 கோடி கடன்மேல் பரப்பினால் 0.14% தானே வருகிறது? வீட்டுக் கடன்காரருக்கு அது பெரிய விஷயமா?

டீலிங் ரூம்

எல்லாக் கடன்மேலும் பரப்ப முடிந்தால்தான் 0.14%. முடியாது என்பதுதான் இதன் முக்கிய இடம்.

2019 அக்டோபர் முதல் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன், சிறுதொழில் கடன் எல்லாம் வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. பெரும்பாலான வங்கிகளுக்கு அது ரெப்போ. ரெப்போவுக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதலில், இயக்கச் செலவு மாதிரியான பங்கை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்பது அப்போது வந்த விதி. பிறகு அதைத் தளர்த்தியது கடன்காரருக்குச் சாதகமாகக் குறைப்பதற்கு மட்டும். அதாவது வங்கியின் நிதிச்செலவு கூடிவிட்டது என்று பழைய கடன்காரரிடம் கேட்க வழியில்லை. ரெப்போ இறங்கினால் அவருக்கு இறங்கியே தீர வேண்டும்.

ஆக, பாரம் புதுக் கடன்மேல் விழுகிறது. அந்த வருடம் புதிதாகக் கொடுக்கும் கடன் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, 1,480 கோடி என்று வைத்தால், 10.4 கோடியை அதில் ஈடுகட்ட 0.70% கூடுதல் போட வேண்டும். ரெப்போவை ஆர்பிஐ 0.25% குறைத்த அதே காலாண்டில் இது நடந்தால், பழைய கடன்காரர் இஎம்ஐ குறையும், புதிதாக வருபவர் முன்னைவிடக் கூடுதல் வட்டி பார்ப்பார். அறிவிப்புப் பலகையில் கொள்கை வட்டி போய்ச் சேர்ந்த மாதிரி தெரியும், புதுக் கடனில் சேர்ந்திருக்காது. வெளியிலிருந்து கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஆர்பிஐ மாதாமாதம் தரும் சராசரிக் கடன் வட்டியில் பழைய கடன், புதுக் கடன் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். புதுக் கடன் வட்டிக்கும் ரெப்போவுக்கும் உள்ள இடைவெளி அகன்றால் சந்தேகப்படலாம்.

முழு 0.70-ஐயும் எந்த வங்கியும் ஏற்றாது. பக்கத்து வங்கி ஏற்றவில்லை என்றால் வாடிக்கையாளர் நடந்துவிடுவார். பாதியை லாபத்தில் விழுங்கும், மீதிக்கு எஃப்டி வட்டியை ஏற்றி டெபாசிட்டை இழுக்கும். அதனால்தான் சேமிப்புக் கணக்கை அதிகம் நம்பி இருக்கும் வங்கிக்கு வலி கூடுதல்.

மாம்பலம் மீனா

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அம்மாவின் எஃப்டி ஒரு கூட்டுறவு வங்கியிலும், கொஞ்சம் ஒரு நிதி கம்பெனியிலும் இருக்கிறது. இரண்டும் சேர்த்து 9 லட்சம். நீங்கள் எல்லோரும் வங்கிக்கு அடி என்று பேசுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் இ-ரூபாயாக மாற்றிவிடட்டுமா? அது ஆர்பிஐ பணம், மூழ்காது என்கிறார்களே.

டீலிங் ரூம்

மேடம், இது வேறு கேள்வி, ஆனாலும் சொல்கிறேன். ஆர்பிஐ உரிமம் உள்ள கூட்டுறவு வங்கி என்றால் டெபாசிட் காப்பீடு உண்டு. ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரை. 2020 பிப்ரவரியிலிருந்து இந்த வரம்பு. நிதி கம்பெனிக்கு அந்தக் காப்பீடு கிடையவே கிடையாது, பெயர்ப் பலகையில் "பெனிபிட் ஃபண்ட்" என்று இருந்தாலும் சரி. முதலில் எந்தத் தொகை எங்கே என்று பிரித்துப் பாருங்கள். நிதியில் இருப்பதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

இ-ரூபாய்க்கு வட்டி இல்லை. வாலட்டுக்கு உச்சவரம்பும் உண்டு, லட்சக்கணக்கில் போட்டு வைக்க ஏற்பட்டதல்ல. அம்மாவின் மாத வருமானம் எஃப்டி வட்டி என்றால் அதை இங்கே மாற்றுவது வருமானத்தை வெட்டுவது.

மாம்பலம் மீனா

நிதியில் 3 லட்சம்தான். மீதி கூட்டுறவு வங்கியில். அப்படியென்றால் அங்கேயும் 5 லட்சத்துக்கு மேலே போகிறதே! சரி, பார்க்கிறேன். நன்றி சார்.

கிண்டி ஆய்வாளர்

டீலிங் ரூம் கணக்கு சரி, ஆனால் அதில் மறைந்திருக்கும் அனுமானம் ஒன்று உண்டு. 400 கோடியும் டெபாசிட்டிலிருந்து வந்தது என்பது. ஒருவர் வழக்கமாக மாதம் 5,000 ரூபாய் ஏடிஎம்மில் எடுப்பவர், இப்போது அதற்குப் பதில் 5,000 ரூபாய் இ-ரூபாய் ஏற்றினால் வங்கிக்குப் புதுப் பள்ளம் எதுவும் இல்லை. நோட்டு குறைந்தது, இ-ரூபாய் கூடியது. வாலட் நிரப்புவது எப்போதும் கணக்கிலிருந்துதான் என்பதால் பதிவில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால் இ-ரூபாய் எவ்வளவு கூடியது என்று மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. அதே காலத்தில் நோட்டுப் புழக்கத்தின் வளர்ச்சி எவ்வளவு தணிந்தது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்றைய அளவில் அதுவும் தெரியாது என்பது வேறு. 2025 மார்ச் முடிவில் புழக்கத்தில் இருந்த இ-ரூபாய் 1,016 கோடி. பயனர் 60 லட்சம் பேர் என்று ஆர்பிஐ சொன்னது. ஆளுக்கு 1,700 ரூபாய் சுமார். நோட்டுகளோ 36 லட்சம் கோடிக்கு மேல். 0.03% கூட இல்லை. கடலில் கரைத்த பெருங்காயம்.

எதிர்த் திசையில் ஒரு நிஜ நிகழ்வு இருக்கிறது, அதைப் பாருங்கள். 2023 மே 19 அன்று 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக ஆர்பிஐ அறிவித்தபோது 3.56 லட்சம் கோடி புழக்கத்தில் இருந்தது. திரும்பியதில் பெரும்பகுதி சில்லறையாக மாறவில்லை, டெபாசிட்டாகத்தான் வந்தது. வங்கிகளின் கையில் பணம் வழிந்தது. ஆகஸ்டில் ஆர்பிஐ, மே 19 முதல் ஜூலை 28 வரை கூடிய டெபாசிட்டில் 10% கூடுதல் சிஆர்ஆர் போட்டு உறிஞ்சியது. அக்டோபருக்குள் படிப்படியாக விடுவித்தது. நோட்டு டெபாசிட்டாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இது நேரடிச் சான்று. இ-ரூபாய் பெரிதானால் இதே படம் தலைகீழாக ஓடும்.

பாரிமுனை பாஸ்கி

அப்போ தலைகீழாக ஓடினால் சிஆர்ஆரைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். முடிந்தது கதை.

டீலிங் ரூம்

சமாளிக்கலாம், ஆனால் மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். 2025-ல் 4%-லிருந்து 3%-க்கு சிஆர்ஆரை நான்கு தவணையாகக் குறைத்ததில் 2.5 லட்சம் கோடி வெளியே வந்தது. பத்து கோடிப் பேர் ஆளுக்கு 25,000 ரூபாய் வாலட்டில் நிறுத்தினால் அதுவும் 2.5 லட்சம் கோடி. ஆளுக்கு 25,000 என்பது பலருக்கு மாதச் செலவுப் பணம், அசாதாரணத் தொகை இல்லை. அந்த ஒரு முழுச் சதவீதமும் காலி.

அதற்கு மேல் வந்தால் ஆர்பிஐ பத்திரம் வாங்க வேண்டும். என் உதாரண வங்கியிடமிருந்து 388 கோடிக்கு வாங்கினால் கடன் சுமை இல்லை, ஆனால் பத்திரத்தின் வட்டி வருமானம் வங்கியைவிட்டு ஆர்பிஐக்குப் போகும். ரெப்போவில் கொடுத்தால் பத்திரத்தின் வட்டி வங்கிக்கே, ஆனால் 5.25% ஆர்பிஐக்கு. எப்படிப் போனாலும் சேமிப்புக் கணக்கில் வங்கி சம்பாதித்த இடைவெளி மத்திய வங்கிக்கு மாறி, அதன் உபரியாக அரசுக்குப் போகிறது. வங்கிக்காரர்கள் முணுமுணுப்பதன் உண்மைக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிண்டி ஆய்வாளர்

அந்த முணுமுணுப்பில்தான் எனக்கு அனுதாபம் குறைவு. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4%-லிருந்து 6.5%-க்கு ஏறியது. எஃப்டி வட்டி ஏறியது. பெரிய வங்கிகளின் சேமிப்பு வட்டி 2.70–3.00-ல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. 2011-லேயே சேமிப்பு வட்டி மேலிருந்த கட்டுப்பாடு நீங்கிவிட்டது, ஆனாலும் அசையவில்லை. ஏன்? வாடிக்கையாளருக்குப் போக்கிடம் இல்லை.

இப்போது இ-ரூபாய்க்கு ரெப்போவில் ஒரு பங்கு வட்டி உண்டு, ரெப்போ 6.5 இருக்கும்போது 3.5% என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வங்கியும் அதற்குக் கீழே சேமிப்பு வட்டி வைக்க முடியாது. வட்டியை ஏற்றும், டெபாசிட் அங்கேயே தங்கும், ஒருவேளை முன்னைவிடக் கூடவும் செய்யும். பணம் எதுவும் வெளியே போகாமலே, வெளியே போகலாம் என்ற மிரட்டலே வேலையைச் செய்யும். கொள்கை வட்டி டெபாசிட்தாரரைச் சேருவது அப்போதுதான்.

டீலிங் ரூம்

சந்தையில் போட்டி குறைவு என்ற அனுமானம் சரியாக இருந்தால் உங்கள் வாதம் நிற்கும். ஆனால் வட்டி கொடுக்கும் இ-ரூபாயில் மழைக்காலப் பிரச்சினை வேறு. சாதாரண நாளில் வட்டிப் போட்டி. பயம் வரும் நாளில் வட்டியைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? 2020 நவம்பர் 17 அன்று லட்சுமி விலாஸ் வங்கியில் பணம் எடுக்க 25,000 ரூபாய் வரம்பு போட்டபோது, தி.நகரில் கணக்கு வைத்திருந்தவருக்கு வட்டி 6 ஆ 7 ஆ என்பது விஷயமாக இல்லை. அதே நாளில் அவர் ஃபோனில் ஆர்பிஐ பணம் ஒரு தட்டில் இருந்திருந்தால், பக்கத்து வங்கிகளின் டெபாசிட்டும் நகர்ந்திருக்கும். அதனால் வட்டி இல்லை, உச்சவரம்பு உண்டு என்ற இன்றைய வடிவத்துக்கு நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவில் டிஜிட்டல் யூரோவுக்கு ஆளுக்கு 3,000 யூரோ என்ற எண்ணை விவாதத்தில் வைத்ததும் இதே கணக்கில்தான்.

கிண்டி ஆய்வாளர்

பயம் வந்தால் இன்றைக்கும் நகர்கிறதே. யுபிஐயில், ஐஎம்பிஎஸ்ஸில் பெரிய அரசு வங்கிக்கு. இ-ரூபாய் அதில் என்ன புதிதாகச் செய்கிறது?

டீலிங் ரூம்

அந்தப் பணம் இன்னொரு வங்கியின் ஆர்பிஐ கணக்கில் உட்காரும். வாங்கிய வங்கி சந்தையில் அதைத் திரும்பக் கடன் கொடுக்கும், விலை கேட்டாலும். இ-ரூபாயாகப் போனால் மொத்த வங்கித் துறையின் கையிருப்பிலிருந்தே போய்விட்டது, ஆர்பிஐ திரும்பக் கொடுத்தால்தான் உண்டு.

சௌகார்பேட்டை மொத்தக் கடை

சார்மாரே, நீங்க பெரிய கணக்கு பேசறீங்க. கடைப்பக்கம் ஒண்ணு சொல்றேன். வாடிக்கையாளர் யுபிஐ க்யூஆரிலேயே இ-ரூபாய் கொடுக்கிறார். எனக்கு வந்து சேருவது நேரா கரண்ட் அக்கவுண்டில். வாலட்டில் நிக்கறதே இல்லை. சரக்குக்காரனுக்கு அக்கவுண்டிலேர்ந்துதான் கொடுக்கணும், ஓவர்டிராஃப்ட் கணக்கில் வட்டி ஓடிட்டிருக்கும்போது எவன் வட்டியில்லாத பணத்தை வச்சுக்கிட்டு உட்காருவான்? அப்போ உங்க 400 கோடி எவ்வளவு நேரம் வெளியே இருக்கும்?

குரோம்பேட்டை குமரன்

அண்ணே, இது நல்ல இடம். அப்படியென்றால் ஏற்றுவது ஒரு எண், நிற்பது இன்னொரு எண்.

டீலிங் ரூம்

ஆமாம், வங்கிக்குப் பள்ளம் நிற்கும் தொகையில்தான். 400 கோடி ஏற்றி மாலைக்குள் 350 கோடி கடைக்காரர்களின் கணக்குக்குத் திரும்பினால் பள்ளம் 50 கோடி. ஆனால் திரும்புவது அதே வங்கிக்குத்தான் என்பதில்லை. சம்பளக்காரர்கள் அதிகம் உள்ள வங்கியிலிருந்து புறப்பட்டு, கடைக்காரர்களின் கரண்ட் அக்கவுண்ட் அதிகம் உள்ள வங்கியில் இறங்கும். துறைக்கு மொத்தத்தில் பூஜ்யம், தனி வங்கிக்குப் பூஜ்யமில்லை. சிஆர்ஆரைப் பதினைந்து நாள் சராசரியில் காட்டலாம் என்பதால் கொஞ்சம் நெளிவு இருக்கிறது, ஆனால் எந்த நாளிலும் தேவையில் 90%-க்குக் கீழே போகக்கூடாது. என் வங்கிக்கு 288-ல் 90% என்றால் 259 கோடி. தினம் 29 கோடி மட்டும்தான் ஆடலாம்.

பாரிமுனை பாஸ்கி

ராத்திரி 12 மணிக்கு மேலே எல்லோரும் ஏற்றினால்? வாலட் தூங்காதே.

டீலிங் ரூம்

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வங்கிகள் அவசரத்துக்கு ஆர்பிஐயிடம் கடன் வாங்கும் எம்எஸ்எஃப் வசதி மாலை 5:30-லிருந்து இரவு 11:59 வரை. ரெப்போவைவிட 0.25% கூடுதல், கட்டாய எஸ்எல்ஆரிலிருந்தே 2% வரை அடகு வைக்கலாம். என் வங்கிக்கு அது 200 கோடி சுமார், கூடுதல் பத்திரம் போக. அது மூடிய பிறகு காலைவரை, ஏற்கனவே வாங்கி வைத்த இ-ரூபாய் இருப்பும் ஆர்பிஐ கணக்கில் உள்ள இருப்பும்தான். முன்கூட்டியே நிறைய வாங்கி வைத்தால் வட்டியில்லாத சொத்து சும்மா கிடக்கும். குறைவாக வைத்தால் நள்ளிரவில் "பிறகு முயற்சிக்கவும்" என்று திரையில் வரும். பயம் பரவும் இரவில் அந்தச் செய்தியே போதும்.

கிண்டி ஆய்வாளர்

அதனால்தான் ஏற்றும் வேகத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்கிறேன், இருப்புக்கு மட்டும் போதாது. மணிக்கு இவ்வளவு என்று.

சௌகார்பேட்டை மொத்தக் கடை

மணிக்கு வரம்பு போட்டா காலையில கோயம்பேட்டுல நாலு மணிக்கு லோடு இறக்கறவனுக்கு எப்படிப் பணம் கொடுக்கறது? அங்கே வியாபாரமே அந்த ரெண்டு மணி நேரம்தான்.

கிண்டி ஆய்வாளர்

வாலட்டில் ஏற்கனவே இருப்பதைச் செலவு செய்ய வரம்பு தேவையில்லை அண்ணே, கணக்கிலிருந்து புதிதாக ஏற்றுவதற்கு மட்டும். ஆனால் நீங்கள் வாலட்டில் எதையும் நிறுத்தி வைப்பதில்லை என்கிறீர்கள், அப்போது இது உங்களை இடிக்கத்தான் செய்யும். யோசித்துவிட்டு வருகிறேன்.